ஸ்கிரேப்பரைக் கிளையன்டிடம் ஒப்படைக்கும்போது எழுதிய கடிதம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தேடுகுருவி

ஃப்ரீலான்ஸ் வேலையில் ஸ்கிரேப்பர் எழுதுவதைவிட அதை ஒப்படைப்பதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். உதிரிபாகம் விற்கும் ஒரு கிளையன்டுக்கு, மூன்று சப்ளையர் தளங்களிலிருந்து தினமும் விலையை எடுத்து ஒரு ஃபைலில் போடும் ஸ்கிரேப்பர் செய்து கொடுத்தேன். அப்போது நான் எழுதிய கடிதம் மொத்தமே அரைப் பக்கம்: எப்படி இன்ஸ்டால் செய்வது, எந்தக் கட்டளையை ஓட்டுவது, அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து அவர்களிடமிருந்து போன் வந்தது. ஒரு பொருளின் விலை ஃபைலில் ஒன்றாகவும் தளத்தில் வேறாகவும் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால், 19 நாளாகத் தள்ளுபடிப் பொருட்களுக்கெல்லாம் அடித்துக் காட்டும் பழைய விலைதான் ஃபைலில் விழுந்திருக்கிறது. நான் எழுதியிருந்த செலக்டர் இது:

```
.price
```

இது பக்கத்தில் உள்ள எல்லா `.price` ஐயும் பிடிக்கும், அதில் முதலில் கிடைப்பதை எடு என்று என் ஸ்க்ரிப்ட்டில் வைத்திருந்தேன். நான் எழுதிய அன்று ஒரே ஒரு விலைதான் இருந்தது. பிறகு அந்தத் தளத்தில் பழைய விலையை மேலே, புதிய விலையைக் கீழே என்று இரண்டையும் அதே பெயரில் வைத்துவிட்டார்கள். ஸ்கிரேப்பர் ஒரு எரரும் காட்டவில்லை, வரிகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஃபைல் தினமும் காலையில் நேரத்துக்கு வந்தது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த 19 நாள் பக்கங்களை நான் சேமித்தும் வைக்கவில்லை, அதனால் சரியான விலையைத் திரும்ப எடுக்கவும் வழியில்லாமல் போனது. அந்த விலையை நம்பி அவர்கள் தங்கள் விலையை ஏற்றி வைத்திருந்தார்கள் என்று கேட்டபோது மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

எல்லாவற்றையும் திருத்தி மறுபடி ஒப்படைத்தபோது எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதியைக் கீழே தருகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

> வணக்கம் மேடம்,
>
> ஸ்கிரேப்பர் தினமும் காலை 5.30க்குத் தொடங்கும். மூன்று தளங்களிலும் சேர்த்து 1,260 பக்கங்கள், பக்கத்துக்கு 4 விநாடி இடைவெளி, ஆக ஏறக்குறைய 84 நிமிடம் ஓடும். ஏழு மணிக்கு உங்களுக்கு ஒரு மெயில் வரும். எல்லாம் சரியாக நடந்தாலும் வரும். எட்டு மணி வரை மெயில் வரவில்லையென்றால் ஸ்கிரேப்பர் ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டு, அன்றைய ஃபைலைத் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள்.
>
> ஃபைலை அனுப்பும் முன் ஸ்கிரேப்பரே மூன்று விஷயங்களைப் பார்க்கும். கடந்த ஏழு நாள் வழக்கத்தைவிட வரிகள் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், விலை காலியாக உள்ள வரிகள் 2 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது ஒரே நாளில் 15 சதவீதப் பொருட்களின் விலை 20 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், ஃபைலின் பெயர் `_HOLD` என்று முடியும், உங்கள் விலைப்பட்டியலுக்குள் போகாது.
>
> இவை எல்லாத் தவறையும் பிடித்துவிடாது. அதனால் திங்கள்கிழமைதோறும் ஐந்து பொருட்களை நீங்களே தளத்தில் திறந்து ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தும் சாதாரணப் பொருளாக இருக்க வேண்டாம். தள்ளுபடியில் உள்ளது ஒன்று, இருப்பு இல்லாதது ஒன்று, பல அளவுகளில் வருவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தவறு பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வரும்.
>
> எடுத்த பக்கங்கள் சுருக்கப்பட்டு `raw` ஃபோல்டரில் 30 நாள் இருக்கும். ஒரு ஜிபிக்குள் அடங்கும், இடம் வேண்டும் என்று யாரும் அழிக்க வேண்டாம். விலையைத் தவறாக எடுத்திருந்தால் இதிலிருந்துதான் திரும்ப எடுக்க முடியும்.
>
> 4 விநாடி இடைவெளியைக் குறைக்க வேண்டாம். லாகில் 429 என்று வந்தால் அந்தத் தளம் மெதுவாக வரச் சொல்கிறது என்று பொருள். எந்தத் தளமாவது லாகின் கேட்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு முதலில் பேசுவோம், சுற்றிக்கொண்டு உள்ளே போக வழி தேட வேண்டாம்.

பழையகணினி

கடிதம் நன்றாக இருக்கிறது தம்பி, முக்கியமாக எல்லாம் சரியாக இருந்தாலும் மெயில் வரும் என்ற பகுதி. பலர் எரர் வந்தால் மட்டும் மெயில் என்று வைப்பார்கள், சர்வரே படுத்துவிட்டால் அந்த மெயிலை யார் அனுப்புவது?

ஆனால் உங்கள் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று தளங்களையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்க்கிறீர்களா, தனித்தனியாகவா? தளத்துக்கு எத்தனை பக்கம் என்று சொல்லுங்கள்.

தேடுகுருவி

700, 470, 90 அண்ணா. கூட்டித்தான் பார்க்கிறேன்.

பழையகணினி

அப்படியென்றால் அந்த 90 பக்கத் தளம் முழுக்கச் செத்துப்போனாலும் உங்களுக்குத் தெரியாது. 1,260ல் 90 போனால் 7 சதவீதம்தான் குறையும், உங்கள் எல்லை 10. சரி, உங்களுக்கு நடந்த அந்த அடித்த விலைக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தத் தளம், எத்தனை பொருளின் விலை மாறியது?

தேடுகுருவி

700 உள்ள தளம். சுமார் 200 பொருள்.

பழையகணினி

மொத்தத்தில் 16 சதவீதம், உங்கள் எல்லை 15. மயிரிழையில் பிடித்திருக்கும். இன்னும் பதினைந்து பொருளுக்குத் தள்ளுபடி இல்லாமல் இருந்திருந்தால் தப்பிப் போயிருக்கும். தளம் வாரியாகப் பார்த்தால் அதே 200, 29 சதவீதம் ஆகிவிடும். மூன்று சோதனைகளையும் தளம் வாரியாக மாற்றுங்கள், கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள்.

எனக்கு நடந்தது ஒன்று சொல்கிறேன். ஒரு தளம் என்னைத் தடுத்தது, ஆனால் 403 கொடுக்கவில்லை. 200 கொடுத்து, "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்கும் பக்கத்தை அனுப்பியது. என் ஸ்க்ரிப்ட் 200ஐப் பார்த்துப் பக்கம் வந்துவிட்டது என்று நம்பி, விலை கிடைக்காத பொருளையெல்லாம் இருப்பு இல்லை என்று எழுதிவிட்டது. காலியாக விட்டிருந்தாலாவது பிடிபட்டிருக்கும். அதிலிருந்து இருப்பு இல்லை என்று எழுத வேண்டுமானால் அந்தச் சொல்லைப் பக்கத்தில் கண்ணால் காண வேண்டும் என்று வைத்திருக்கிறேன். விலையைக் காணோம் என்றால் தெரியவில்லை என்றுதான் எழுதும்.

மின்னல்வரி

இவ்வளவு சிரமம் எதற்கு நண்பர்களே? ஹெட்லெஸ் பிரவுசர் வைத்து ஓட்டினால் மனிதர் பார்ப்பதையே அதுவும் பார்க்கும், தளம் மாறினாலும் உடையாது. நான் எல்லாவற்றையும் Playwright க்கு மாற்றிவிட்டேன், பிரச்சினையே இல்லை.

பழையகணினி

விலையை ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் கொண்டுவந்து போடும் தளத்துக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே பிரவுசர் உதவும். ஆனால் இவருக்கு நடந்தது அது இல்லை. இரண்டு விலையும் பக்கத்திலேயே இருந்தன, எதை எடுப்பது என்பதில்தான் தவறு. `.price` என்று Playwright இடம் சொல்லி முதலாவதை எடுத்தாலும் அதே அடித்த விலைதான் வரும். 1,260 பக்கத்தையும் பிரவுசரில் திறப்பது சர்வருக்கும் பாரம்.

மின்னல்வரி

என் தளங்கள் எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட் தளங்கள், அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம். அப்படியானால் பக்கத்துக்குள் இருக்கும் JSON-LD ஐ எடுக்கலாமே? வடிவமைப்பை மாற்றினாலும் அதை அவ்வளவு சீக்கிரம் தொடமாட்டார்கள்.

```
script[type="application/ld+json"]
```

பழையகணினி

நல்ல யோசனை, நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: நான் பார்த்த ஒரு தளத்தில் கண்ணுக்குத் தெரியும் விலை காலையிலேயே மாறிவிட்டது, JSON-LD யில் பழைய விலை மறுநாள் வரை இருந்தது. அதனால் இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள், ஒத்துப்போகாத பொருள்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கடைசித்தவணை

வேலையை ஒப்படைக்கும்போது கடைசித் தவணையை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதானே கேள்வி? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சர்வர் என் அக்கவுன்ட்டில், என் கார்டில் ஓடியது. ஒப்படைத்தாயிற்று, காசும் வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். கார்டு காலாவதியானதும் சர்வரை நிறுத்திவிட்டார்கள். கிளையன்ட் நான் வேண்டுமென்றே நிறுத்திவிட்டேன் என்று நினைத்து மிகவும் கோபமாகப் பேசினார்.

தேடுகுருவி

கேள்வி அது இல்லை, ஆனால் நீங்கள் சொன்னது என் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. சர்வர், மெயில் அனுப்பும் சேவை இரண்டும் இன்னும் என் பெயரில்தான் இருக்கின்றன. இரண்டையும் அவர்கள் பெயருக்கு மாற்றி, எது எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

மழைத்தூறல்

நான் மறுபக்கம் இருக்கிறேன், இப்படியான கடிதம் வாங்குகிற ஆள். எங்களுக்கு ஒருவர் 11 பக்கம் எழுதிக் கொடுத்தார். அக்கறையோடு எழுதியதுதான், ஆனால் ஸ்கிரேப்பர் நின்ற அன்று காலையில் அதில் எதைப் படிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தேவைப்பட்டது மூன்றே விஷயம்: இன்றைய ஃபைலைப் பயன்படுத்தலாமா, கூடாதென்றால் நேற்றைய ஃபைலை எவ்வளவு நாள் வைத்து ஓட்டலாம், யாரைக் கூப்பிட வேண்டும். உங்கள் கடிதத்தில் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன, இரண்டாவது இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். சப்ளையர் தளத்தை மாற்றினால் அதைத் திருத்தித் தர நான் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா? ஒப்படைத்து ஒரு வாரத்தில் உடைந்தால், அது உங்கள் தவறா சப்ளையர் தவறா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடுகுருவி

இரண்டாவதை அவர்களிடமே கேட்டு எழுதுகிறேன் அக்கா, எத்தனை நாள் பழைய விலை தாங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

காசு விஷயத்தில் நான் வைத்திருப்பது: முதல் 30 நாளில் என் பிழைக்கு இலவசம், தளம் மாறினால் மணிக்கணக்கில் கட்டணம். எதனால் உடைந்தது என்பதற்கு `raw` ஃபோல்டர் சாட்சி. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் வைத்து அதே ஸ்க்ரிப்ட்டை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழையதில் சரியாக எடுத்துப் புதியதில் தடுமாறினால் தளம் மாறியிருக்கிறது.

பழையகணினி

இங்கே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் `.price` பழைய பக்கத்தில் சரியாகத்தானே எடுத்தது? தளம்தான் மாறியது, ஆனாலும் அவ்வளவு தளர்வாக செலக்டர் எழுதியது உங்கள் பிழைதான். இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்?

தேடுகுருவி

```
.product-main .price--current
```

ஒன்றுக்கு மேல் கிடைத்தால் எடுக்காமல் காலியாக விடும்படி வைத்திருக்கிறேன். அந்தத் திருத்தத்துக்கு நான் காசு வாங்கவில்லை. எங்கே கோடு போடுவது என்று எனக்கும் இன்னும் தெளிவில்லை.

அதைவிட இப்போது என்னை உறுத்துவது வேறு. பெரிய தள்ளுபடி நாட்களில் விலை உண்மையாகவே மாறுவதால் HOLD வந்துவிடுகிறது. இரண்டு முறை அப்படி வந்ததும், மூன்றாவது முறை மேடம் ஃபைலின் பெயரிலிருந்து `_HOLD` ஐ அழித்துவிட்டு அப்படியே பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லையை உயர்த்தினால் உண்மையான தவறு தப்பிவிடும்.

மழைத்தூறல்

நானும் அதையேதான் செய்திருப்பேன். HOLD என்று மட்டும் வந்தால் நான் எதைப் பார்ப்பது? அந்த மெயிலிலேயே அதிகம் மாறிய ஐந்து பொருளின் பெயர், நேற்றைய விலை, இன்றைய விலை, பக்கத்தின் லிங்க் எல்லாம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் திறந்து பார்த்து முடிவு செய்வேன்.

தேடுகுருவி

இன்று இரவே மெயிலை அப்படி மாற்றுகிறேன். தளத்துக்கு ஐந்து என்று வைக்கிறேன், இல்லாவிட்டால் அந்த 90 பக்கத் தளம் மறுபடி விடுபட்டுப் போகும்.