சாரல் நேரத்தில் ஆள் செலவு 19% ஆகிறது, இரண்டு பேரை நிறுத்தலாமா?

ஏரிக்கரை_கடை
வணக்கம். கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கிற கடை. மே மாதம் விற்பனையில் ஐந்தரை சதவீதம்தான் சம்பளத்துக்குப் போனது. இப்போது 19. ஆடிட்டர் 12-க்குள் வை என்கிறார். எத்தனை பேரை நிறுத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுத்த வார ஷிப்ட் போடணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பில்_கவுண்டர்
எத்தனை பேர், விற்பனை எவ்வளவு, கடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? ஒன்றுமே சொல்லவில்லையே.

குன்னூர்_ஹோம்ஸ்டே
எங்களுக்கும் இதே கதைதான். ஆனிக்கு அப்புறம் ரூம் காலி. சமையல்காரரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பழைய_மேனேஜர்
ஹோம்ஸ்டேயும் கவுண்டர் கடையும் ஒன்றா? இதெல்லாம் கடை திறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாலபாடம். கடைக்குப் பத்து சதவீதம், அதைத் தாண்டினால் ஆளைக் குறை. அவ்வளவுதான்.

ஏரிக்கரை_கடை
ஐந்து பேர், வாரம் 48 மணி நேரம். காலை 9 முதல் இரவு 9, ஏழு நாளும். சம்பளம் ஆளுக்கு மாதம் 14,500. மே மாதம் வாரத்துக்கு மூன்றரை லட்சம், இப்போது ஒரு லட்சம். ஜிஎஸ்டி போக.

மகேஸ்வரி_ஸ்டோர்ஸ்
தம்பி, சதவீதத்தை அப்படியே ஆள் கணக்காக மாற்றாதீர்கள், முதலில் மணி நேரமாக மாற்றுங்கள். 14,500-உடன் போனஸ், சாப்பாடு, டீ என்று மாதம் இரண்டாயிரம் சேரும். வாரம் 48 என்றால் மாதத்துக்கு 208 மணி நேரம், அதால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 80 ரூபாய். ஒரு லட்சத்தில் 12% என்றால் 12,000. அதற்கு 150 மணி நேரம் கிடைக்கும். நீங்கள் போடுவது 240.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். 12 மணி நேரம் திறந்து, எந்நேரமும் கவுண்டரில் ஒருவர், தட்டுகளின் பக்கம் ஒருவர் என்று வைத்தாலே வாரத்துக்கு 168. யாரை நிறுத்தினாலும் 12-க்கு வராது, 13.4-தான். ஆகவே முதலில் குறைய வேண்டியது திறந்திருக்கும் நேரம். சாரலில் இரவு 7-க்கு மேல் எத்தனை பில் விழுகிறது என்று மெஷினில் எடுத்துப் பாருங்கள். 9 முதல் 7 என்றால் 140 போதும். மீதி 10-ஐ சனி, ஞாயிறு 11 முதல் 4 வரை மூன்றாவது ஆளுக்குக் கொடுங்கள்.

பில்_கவுண்டர்
அக்கா, மாதச் சம்பளக்காரருக்கு மணி நேரம் குறைத்தால் பணம் எப்படி மிச்சமாகும்?

மகேஸ்வரி_ஸ்டோர்ஸ்
ஆகாது. அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன். மீதி 90 மணி நேரத்துக்கு வேறு வேலை வேண்டும். சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுவது, பெட்டி மடிப்பது, தைலம் பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவது எல்லாம் யார் செய்கிறார்கள்?

ஏரிக்கரை_கடை
வெளியில் கொடுக்கிறோம். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.

மகேஸ்வரி_ஸ்டோர்ஸ்
அதை உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டாவது சீசனுக்கு வேண்டிய பெட்டிகள் இப்போதே தயாராகும்.

அக்கவுண்ட்ஸ்_செல்வி
இது தாளில் சதவீதத்தைக் குறைப்பது. 240 மணி நேரத்துக்கு வாரம் வங்கியிலிருந்து 19,200 போவது மாறவில்லையே. 90 மணி நேரத்தை உற்பத்தித் தலைப்புக்கு மாற்றினால் 12 என்று வரும், லாபம் வராது.

மகேஸ்வரி_ஸ்டோர்ஸ்
வெளிக்கூலி நின்றால் மட்டும் லாபம், நிற்காவிட்டால் நீங்கள் சொல்வதே சரி. வெளியாள் 90 மணி நேர வேலைக்கு 7,200-க்குக் குறைவாக வாங்கினால் முழு ஈடும் ஆகாது. ஆனால் அந்த ஐவர் போய்விட்டால் ஏப்ரலில் புது ஆளுக்கு டார்க் எது, நட்ஸ் எது என்று சொல்லிக்கொடுக்கும்போது வாசலில் வரிசை நிற்கும்.

பழைய_மேனேஜர்
உணர்ச்சிவசப்பட்டு வியாபாரம் நடக்காது. பத்து சதவீதம் பத்து சதவீதம்தான்.

அக்கவுண்ட்ஸ்_செல்வி
மே மாதத்தில் 12% வைத்தால் 525 மணி நேரம் போடலாம். இவர் 240-தான் போட்டிருக்கிறார். உங்கள் கணக்கில் அது வெற்றியா சார்? அந்த ஐவரும் நின்ற கால் நின்றபடி வேலை பார்த்திருப்பார்கள், வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கணும்.

குன்னூர்_ஹோம்ஸ்டே
இ-பாஸ் வந்த 2024 மேயிலிருந்தே எங்கள் கணக்கெல்லாம் மாறிவிட்டது. போன வருட விற்பனையை வைத்து இந்த வருட ஷிப்ட் போட முடியவில்லை.

பில்_கவுண்டர்
அதற்குத்தான் கடைசி நான்கு வார விற்பனையை எடுக்க வேண்டும்.

மகேஸ்வரி_ஸ்டோர்ஸ்
தொடர் விடுமுறை வரும் வாரம் அந்தச் சராசரி ஏமாற்றிவிடும். ஆகஸ்ட் 15 வார இறுதியோடு ஒட்டி வந்தால் தனியாகக் கணக்கிடுங்கள்.

அக்கவுண்ட்ஸ்_செல்வி
முதலாளி கல்லாவில் உட்காருகிறாரா? அந்த மணி நேரத்தைச் சேர்த்தீர்களா?

ஏரிக்கரை_கடை
ஏழு மணிக்கு மேல் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பில்தான். அடுத்த வாரம் 7-க்கு அடைக்கிறோம், யாரையும் நிறுத்தவில்லை. பெட்டி வேலை திங்கள் முதல் உள்ளே. நன்றி அக்கா.

அக்கவுண்ட்ஸ்_செல்வி
கல்லா கேள்விக்குப் பதில் வரவில்லையே.