பட்டிப் பொங்கல் ஸ்டிக்கர்: அரை எம்பிக்குள் ஒரு மயிலைக் காளை

தோட்டத்துப் பேத்தி, காங்கேயம்

எங்கள் குடும்பக் குழுவில் நோம்பி வந்தால் போதும், யாரோ எங்கோ செய்த கரும்பும் பானையும்தான் வந்து விழும். இந்த முறை அப்புச்சியின் மயிலைக் காளையையே அசையும் ஸ்டிக்கராகச் செய்து அனுப்பினேன். பல பேர் எப்படிச் செய்தாய் என்று கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம். சித்தப்பா மகன் அனுப்பிய படத்தில் காளை சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நின்றது. பின்னணியை நீக்கும் கருவி சுவரோடு சேர்த்து முதுகையும் வயிற்றையும் தின்றுவிட்டது. வெள்ளை மேல் வெளிர்சாம்பல். கருவிக்கு விளிம்பு தெரியவில்லை. சோளத்தட்டுப் போருக்கு முன்னால் நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொன்னேன். அந்தப் பழுப்பில் காளை கத்தரித்தது போல வந்தது.

ஸ்டிக்கர் 512க்கு 512 பிக்சல் சதுரம். விளிம்பில் 16 பிக்சல் காலியாக விட்டு, காளையையும் எழுத்தையும் சுற்றி 8 பிக்சலுக்கு வெள்ளைக் கோடு போட்டேன். அந்தக் கோடு அழகுக்கு மட்டுமல்ல. அப்புச்சியின் போனில் திரை எப்போதும் கறுப்பாகவே இருக்கும். கோடு இல்லாவிட்டால் கறுத்த திமிலும் கறுப்பு எழுத்தும் அதில் கரைந்துபோகும்.

அடுத்தது எடை. வாட்ஸ்அப்பில் அசையாத ஸ்டிக்கர் 100 கேபிக்குள், அசைவது 500 கேபிக்குள் இருக்க வேண்டும். காளை தலையை ஆட்டுவது போல முழுப் படத்தையும் அசைத்தால் ஒரு எம்பியைத் தாண்டியது. அதை அப்படியே செயலியில் ஏற்றினால் செயலி தரத்தைக் குறைத்து உள்ளே திணித்துவிடுகிறது. கொம்பைச் சுற்றிப் புழுதி கிளம்பியது போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். அதனால் காளையை அசையாமல் நிறுத்திவிட்டு, கழுத்து மணியையும் ‘பட்டி பெருக!’ என்ற எழுத்தையும் மட்டும் ஆடவிட்டேன். அசைவு என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு சட்டம். ஸ்டிக்கருக்கான வெப்பி (WebP) கோப்பு ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் மாறிய பகுதியை மட்டும் சேமித்தால் போதும். மாறுவது மணியும் எழுத்தும்தான் என்பதால், பன்னிரண்டு சட்டங்களும் வரம்புக்குள் தாராளமாக அடங்கின. சட்டங்களைக் கோப்பாக்க ezgif.com தளத்தைப் பயன்படுத்தினேன்.

எழுத்துதான் அதிகம் படுத்தியது. அசைவு செய்யும் செயலியில் ‘பொங்கல்’ என்று தட்டினால் ‘ப’ முன்னால் நிற்கிறது. ஒற்றைக் கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் வருகின்றன. ‘பட்டி பெருக’ என்பதிலும் அதே கதை. கடைசியில் வேறொரு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத படமாக எடுத்து வந்து ஒட்டினேன்.

பவானி மாமா

அம்மணி, அது எழுத்துருவின் கோளாறு. நல்ல தமிழ் எழுத்துருவாக மாற்றினால் சரியாகிவிடும். நான் பாமினி போட்டுத்தான் கோவில் நோட்டீஸ் எல்லாம் செய்கிறேன், ஒருநாளும் கொம்பு இடம் மாறியதில்லை.

ஈரோட்டு அச்சகத்தார்

மாமா சொல்வதில் பாதி சரி. பாமினியில் உடையாது என்பது உண்மை. ஆனால் அது நல்ல எழுத்துரு என்பதால் அல்ல. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ப, கால் என்று தட்டுகிறோம். செயலி எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. யூனிகோடில் ‘ப’வுக்குப் பிறகுதான் ‘ஒ’ குறி வருகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது செயலியின் வேலை. அந்த வேலை தெரியாத செயலியில் எந்த யூனிகோட் எழுத்துருவைப் போட்டாலும் உடையத்தான் செய்யும். ஆகவே இரண்டு வழி: யூனிகோடைப் பாமினிக்கு மாற்றி ஒட்டி, பாமினி எழுத்துருவையும் செயலியில் ஏற்றுவது, அல்லது பேத்தி செய்தது போல எழுத்தைப் படமாகக் கொண்டுவருவது. இரண்டாவதே நிம்மதி. நான் பிக்சல்லேப்பில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுக்கிறேன். பாலூ தம்பி எழுத்துரு தடிமனானது, ஸ்டிக்கர் அளவுக்குச் சுருங்கினாலும் ‘ட்டி’ அடைபடாது. மெல்லிய கையெழுத்து மாதிரி எழுத்துகள் கணினியில் அழகு, போனில் முடிக்கற்றை. சொல் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ‘இனிய மாட்டுப் பொங்கல் நல்வாழ்த்துகள்’ முழுவதும் ஸ்டிக்கரில் ஏறாது.

பொள்ளாச்சி அத்தை

என் பேத்தி சீருக்கு முப்பது வினாடிப் படம் ஒன்று செய்தேன், பாட்டோடு. பதினைந்து புகைப்படங்கள். அதையும் இப்படி ஸ்டிக்கராக்க முடியுமா? ஒரு செயலியில் முயன்றபோது படத்தைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி வந்துவிட்டது.

ஈரோட்டு அச்சகத்தார்

அத்தை, அது ஸ்டிக்கர் ஆகாது. அசையும் ஸ்டிக்கர் பத்து வினாடிக்குள் முடிய வேண்டும், ஒலியும் கிடையாது. உங்கள் படத்தை வீடியோவாகவே குழுவில் போடுங்கள், பாட்டும் கேட்கும். கறுப்புப் பெட்டிக்குக் காரணம் எம்பி4 என்ற வீடியோ கோப்பு வகை. சாதாரண எம்பி4 கோப்பில் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்ல வழியில்லை. காலியான இடத்தைக் கறுப்பாலோ வெள்ளையாலோ நிரப்பிவிடும். ஜிஃப் கோப்பில் காலியிடம் உண்டு, ஆனால் ஒரு புள்ளி முழுதாக இருக்கும் அல்லது முழுதாக இருக்காது, அரைகுறை கிடையாது. அதனால்தான் ஓரம் பல் பல்லாக வருகிறது. ஸ்டிக்கர் வேலையில் பிஎன்ஜி சட்டங்களிலிருந்து நேரே வெப்பிக்குப் போவதே நல்லது.

தாராபுரம் அண்ணன்

செய்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அம்மச்சியின் போனில் ஸ்டிக்கர் செயலி ஒன்றைப் போட்டுக் குடும்பத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன். இடம் போதவில்லை என்று தம்பி அந்தச் செயலியை நீக்கினான். தொகுப்பு முழுவதும் வாட்ஸ்அப்பிலிருந்தும் மறைந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் தொகுப்பு அந்தச் செயலிக்குள்தான் இருக்கிறது, வாட்ஸ்அப் அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. நட்சத்திரம் போட்டுப் பிடித்தவையில் சேர்த்திருந்தவை மட்டும் தப்பின. அம்மச்சி தினமும் அனுப்பும் ‘சாப்பிட்டாயா சாமி’ அதில் இருந்தது நல்ல காலம். இப்போது பெரியவர்களின் போனில் செயலியே போடுவதில்லை. நான் குழுவில் அனுப்புகிறேன், அவர்கள் அதைத் தொட்டுப் பிடித்தவையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று: இப்படிச் செயலி வழியாகச் சேர்க்கும் ஒரு தொகுப்பில் குறைந்தது மூன்று ஸ்டிக்கர் வேண்டும், அசைவதையும் அசையாததையும் ஒரே தொகுப்பில் கலக்க முடியாது. ‘ஏற்றவில்லை’ என்று செயலி சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

கோபி செல்வி

எனக்கு வேறு சிக்கல். போகியன்று வாசலில் கட்டும் காப்பை ஸ்டிக்கராக்க நினைத்தேன். வேப்பிலையும் ஆவாரம்பூவும் அழகாக வந்தன. பூளைப்பூ மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. பஞ்சு போன்ற ஓரத்தைக் கருவி வழித்துவிடுகிறது, கடைசியில் வெறும் குச்சி மிஞ்சுகிறது. பூளை இல்லாமல் காப்பு என்று எப்படிச் சொல்வது?

தோட்டத்துப் பேத்தி, காங்கேயம்

அக்கா, கருவியை விட்டுவிட்டு விரலால் சற்றுத் தள்ளி வரைந்து வெட்டுங்கள். பூவை ஒட்டி வெட்டாமல் கொத்தைச் சுற்றி ஒரே வளைவாக எடுங்கள். கருநீலச் சேலையைப் பின்னால் பிடித்து எடுத்தால் இடையில் தெரியும் நீலமும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஈரோட்டு அச்சகத்தார்

வெள்ளைக் கோடு போட்டால் வெள்ளைப் பூவோடு கலந்துவிடுமே. கோட்டை மஞ்சளாக்கிப் பார்த்தேன், எனக்குத் திருப்தி இல்லை.

கோபி செல்வி

கருநீலச் சேலை இருக்கிறது. நாளை காலை வெயிலில் எடுத்து, இரண்டு கோட்டிலும் செய்து போடுகிறேன். எது தேறுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.