ஜாக்கெட்டுக்குள் கட்டி தட்டிய தூவி: தருமபுரியில் துவைத்த அனுபவம்

தருமபுரி, ஆசிரியை:

கனடாவில் வேலை செய்யும் என் மகன், இரண்டு குளிர்காலம் அணிந்த தன் ஜாக்கெட்டைக் கோடை விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் விட்டுச் சென்றான். அதன் உள்ளே வாத்தின் மென்தூவி அடைக்கப்பட்டிருக்கிறது. கழுத்துப் பட்டை அழுக்கேறியிருந்ததால், எங்கள் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் போர்வெல் தண்ணீர் பிடித்து, வழக்கமான சோப்புத் தூளில் துவைத்தேன். அது தண்ணீரில் அமிழாமல் உப்பி மிதந்ததால், இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகச் சுழலவிட்டேன். பிறகு தோள்களில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன்.

மறுநாள் மாலை மேல்துணி காய்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு தையல் கட்டத்தின் அடியிலும் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டைகள் திரண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கட்டங்களின் மேற்பகுதி வெறும் துணியாகத் தெரிகிறது. கறுப்புத் துணியின் மீது வெள்ளைத் திட்டுகளும் படிந்துள்ளன. முன்பு முத்து முத்தாக உருண்டோடிய தண்ணீர், இப்போது தோள்பகுதியில் அப்படியே ஊறுகிறது. இதே நிலையிலிருந்து ஜாக்கெட்டை மீட்டவர்கள் இருந்தால் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பாலக்கோடு, பெரியவர்:

எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையும் மழையில் நனைந்து இப்படித்தான் கட்டி தட்டியது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் போட்டு, பிரம்பால் இருபுறமும் அடித்தோம். மூன்றாம் நாள் பஞ்சு பழையபடி எழும்பிவிட்டது. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள் அம்மா.

கிருஷ்ணகிரி, முன்னாள் ராணுவ வீரர்:

ஐயா சொன்னது மெத்தைக்குச் சரி. இதற்குப் பிரம்பு வேண்டாம். நான் லே பகுதியில் பணியாற்றிய ஆண்டுகளில் இத்தகைய ஜாக்கெட்டுகளைப் பலமுறை கையால் துவைத்திருக்கிறேன். ஈரமான தூவி உருண்டையாவது இயல்பு. நுண்ணிய இழைகள் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; அவற்றுக்கிடையே இருந்த காற்று போய்விடுகிறது. முழுவதும் காய்ந்தால் அவை மீண்டும் விரியும். மேல்துணி காய்ந்ததைப் பார்த்து உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நம்பியதே உங்களுக்கு நேர்ந்த பிழை. உருண்டையின் நடுவில் இப்போதும் ஈரம் இருக்கும். அப்படியே பீரோவில் வைத்தால் நாற்றம் எடுக்கும்.

தொங்கவிட்டதும் தவறு. நனைந்த ஜாக்கெட் மிகவும் கனக்கும். அதைத் தோளைப் பிடித்துத் தூக்கினால், கட்டங்களைப் பிரிக்கும் உள்தடுப்புகளும் தையலும் கிழிந்து, தூவி ஒரே இடத்துக்கு இறங்கிவிடும். நாங்கள் அதன் அடியில் இரு கைகளையும் கொடுத்து, குழந்தையை ஏந்துவது போல் எடுப்போம். பிறகு முறுக்காமல், துண்டுக்குள் சுருட்டி அழுத்திப் பிழிவோம்.

தேன்கனிக்கோட்டை, கல்லூரி மாணவர்:

நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. வெள்ளைத் திட்டுக்கு அதுதான் காரணம். ஒகேனக்கல் குடிநீரில் மீண்டும் அலசுங்கள். கடைசி அலசலில் துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு மூடி ஊற்றினால் தூவியும் மிருதுவாகும்.

ஓசூர், சலவைக் கடை நடத்துபவர்:

தம்பி சொன்னதில் தண்ணீரை மாற்றச் சொன்னது சரி; மற்ற இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் கேடு செய்வது. துணியில் திட்டாகப் படிவது கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும், கரையாமல் தங்கிய சோப்புத் தூளும்தான். ஒகேனக்கல் திட்டத்தில் வருவது காவிரித் தண்ணீர் என்பதால் போர்வெல் நீரைவிடப் பெரும்பாலும் மென்மையாக இருக்கும்; அது கிடைக்காதபோது நான் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். தூவிக்கென்று விற்கும் திரவங்களில் சில சோப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் போர்வெல் நீரில் ஊற்றினால் நுரை வராமல் தயிர்போலத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். மென்மையாக்கும் திரவத்தை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அது தூவியின் மீது படலமாகப் படிந்து விரியவிடாமல் செய்யும், மேல்துணியின் நீர்விலக்குப் பூச்சையும் மூடிவிடும்.

அம்மா, தண்ணீர் ஊறுவதைக் கண்டு பூச்சே போய்விட்டது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். சோப்பு எச்சம் தண்ணீரை ஈர்க்கும் தன்மையுடையது. அது துணியில் தங்கியிருந்தால், அடியில் உள்ள பூச்சு நன்றாக இருந்தாலும் தண்ணீர் ஊறத்தான் செய்யும். எனவே ஒரு பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான, அதாவது 30 டிகிரிக்கு மேற்படாத மென்மையான நீரில் அமிழ்த்தி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அலசுங்கள். சோப்பு ஏதும் சேர்க்க வேண்டாம். அழுத்தும்போது நுரை வருவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அதன் பிறகு டிரையரில் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து மூன்றுடன் சுழலவிடுங்கள். பந்துகள் மோதி உருண்டைகளை உடைக்கும்.

தருமபுரி, ஆசிரியை:

எங்கள் மெஷினின் டிரையரில் மூன்று பந்துகளைப் போட இடமே இல்லையே ஐயா?

ஓசூர், சலவைக் கடை நடத்துபவர்:

நல்லவேளையாகக் கேட்டீர்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் நாம் டிரையர் என்று அழைப்பது, வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழியும் தொட்டி மட்டுமே. அதில் சூடான காற்று கிடையாது. நீர் புகாத துணி தன்னுள் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, அதிவேகச் சுழற்சியில் தொட்டியையே உலுக்கிவிடும் என்பதால் அதில் போடவே வேண்டாம். நான் சொன்னது வெப்பக்காற்றால் உலர்த்தும் தனி இயந்திரம். என் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது. இடையிடையே நிறுத்திக் கையால் உருண்டைகளை உதிர்க்கிறேன்.

கிருஷ்ணகிரி, முன்னாள் ராணுவ வீரர்:

அந்த இயந்திரம் இல்லாமலும் முடியும்; பொறுமை வேண்டும். கயிற்றுக் கட்டில் அல்லது வலைமீது நிழலில் படுக்கைவாட்டில் பரப்பி, மின்விசிறியை ஓடவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்தையும் இரு விரல்களுக்கிடையே பிடித்து, உருண்டையை மெல்லப் பிரித்துவிடுங்கள். பிறகு முழு ஜாக்கெட்டையும் உதறித் திருப்புங்கள். எத்தனை நாள் ஆகும் என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். எடை தொடர்ந்து குறைந்துகொண்டிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

கிருஷ்ணகிரி, இல்லத்தரசி:

எனக்கு வேறு சிக்கல். நான்கு ஆண்டுகள் பீரோவில் இருந்த மழை ஜாக்கெட்டைத் துவைத்ததும், உட்புறத்துப் பூச்சு பிசுபிசுத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அதையும் அலசினால் சரியாகுமா?

ஓசூர், சலவைக் கடை நடத்துபவர்:

சகோதரி, அது பாலியூரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரக்காற்றும் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். துவைத்தது அதை வெளிக்காட்டியது, அவ்வளவே. உதிரத் தொடங்கியதைத் திரும்ப ஒட்டவைத்ததாக என் அனுபவத்தில் இல்லை.

தருமபுரி, ஆசிரியை:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். குழாயில் வந்த காவிரித் தண்ணீரை இரவே பிடித்து வைத்து அலசினேன். ஏழாவது முறைதான் நுரை நின்றது. கட்டிலில் பரப்பிய முதல் நாள் மாலை மேல்துணி முழுவதும் காய்ந்திருந்தும் தராசு 610 கிராம் காட்டியது. இரண்டாம் நாள் 545, மூன்றாம் நாள் 520. நான்காம் நாளும் அதே 520 நின்றதால் காய்ந்துவிட்டது என்று உறுதி செய்தேன். உருண்டைகள் ஏறக்குறைய எல்லாம் விரிந்துவிட்டன. இடது தோளுக்குக் கீழே இரண்டு கட்டங்களில் மட்டும் தூவி குறைவாக இருக்கிறது. அங்கே உள்தடுப்பு கிழிந்திருக்க வேண்டும். வெள்ளைத் திட்டுகள் மறைந்தன. முதுகிலும் கைகளிலும் தண்ணீர் மீண்டும் உருண்டோடுகிறது. தோள்களில் மட்டும் ஊறுகிறது.

தேன்கனிக்கோட்டை, கல்லூரி மாணவர்:

சூடு பட்டால் பூச்சு மீண்டும் உயிர்பெறும் என்பார்கள். மெல்லிய துணியை மேலே விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் தோளும் சரியாகுமே அக்கா?

ஓசூர், சலவைக் கடை நடத்துபவர்:

சூடு உதவும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு மெல்லிய நைலானில் இஸ்திரிப் பெட்டி வைக்க நான் துணியமாட்டேன். லேபிளில் இஸ்திரிப் படம் குறுக்குக்கோடு இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிருஷ்ணகிரி, முன்னாள் ராணுவ வீரர்:

நான் ஒருமுறை துணி விரித்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் துணி இதைவிடத் தடித்தது. பையின் பட்டை தேய்த்துத் தோள்பகுதியில் பூச்சே அழிந்திருந்தால், சூட்டினாலும் பயன் இருக்காது. துணியில் நீர்விலக்குப் பூச்சை மீண்டும் ஏற்றும் தெளிப்பான்தான் வாங்க வேண்டும்.

தருமபுரி, ஆசிரியை:

லேபிளில் இஸ்திரிப் படத்தின்மீது குறுக்குக்கோடு இருக்கிறது. மகன் இரண்டு ஆண்டுகளும் மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டியே சென்றதாகச் சொல்கிறான். இஸ்திரியைக் கைவிட்டு, தெளிப்பான் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.