ப்ரூஃப் கேட்டு நாலு மெயில் போட்டும் பிப்ரவரி சம்பளத்துல 16,000 குறைஞ்சுது, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சுமதி_பேரோல்:

வணக்கம். ஒரு நடுத்தர கம்பெனில பதினோரு வருஷமா பேரோல் பாக்குறேன். ஜனவரி வந்தா எங்க டீம்ல யாரும் சரியா தூங்கறதில்ல, இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் சீசன். போன வருஷம், அதாவது 2024-25 நிதியாண்டுக்கு, நடந்த ஒரு விஷயம் மனசுல அப்படியே இருக்கு, இந்த வருஷம் மெயில் எழுதும்போது அதை நினைச்சுதான் எழுதுனேன்.

டெஸ்டிங் டீம்ல ஒரு தம்பி. வருஷ சம்பளம் 12 லட்சம், பழைய ரெஜிம். பேசிக் மாசம் 50,000, எச்ஆர்ஏ 20,000. வாடகை 18,000 தர்றேன்னு ஏப்ரல்லயே டிக்ளேர் பண்ணிட்டார், 80சில முழு ஒன்றரை லட்சமும் போட்டிருந்தார். அந்தக் கணக்குப்படி எச்ஆர்ஏல 1,56,000 கழியும் (வருஷ வாடகை 2,16,000, அதுல பேசிக்கோட பத்து சதவீதம் 60,000 போக). ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000, 80சி எல்லாம் போக வரி போடற தொகை 8,44,000. செஸ்ஸோட வரி 84,552, மாசம் 7,046 பிடிச்சுட்டு வந்தோம். ஏப்ரல்ல நாங்க யார்கிட்டயும் பேப்பர் கேக்கறதில்ல, அவங்க சொல்றதை நம்பித்தான் பிடிக்கறோம், ஜனவரில தான் ஃபார்ம் 12பிபியும் பேப்பரும் கேக்கறோம்.

கடைசி தேதி ஜனவரி 20. டிசம்பர் கடைசில ஒரு மெயில், அப்புறம் மூணு ரிமைண்டர். தம்பி வாடகை ரசீது பன்னண்டையும் ஏத்திட்டார், ஆனா ஓனரோட பான் நம்பர் இல்ல. வருஷ வாடகை ஒரு லட்சத்தை தாண்டினா ஓனர் பான் கண்டிப்பா வேணும், நாங்க நாலாவது காலாண்டுக்கு தாக்கல் பண்ற டிடிஎஸ் ரிட்டர்ன் 24க்யூல அந்த பானை தனியா போடணும். கட்டம் காலியா இருந்ததால சிஸ்டம் அவரோட அப்லோடை டிராஃப்ட்லயே நிறுத்திடுச்சு. பச்சை டிக் ஒண்ணு வந்துதாம், ஏத்தியாச்சுன்னு நினைச்சுட்டார். அது ஃபைல் ஏறிடுச்சுங்கறதுக்கான டிக், சப்மிட் ஆச்சுங்கறதுக்கு இல்ல.

21ஆம் தேதி போர்ட்டல் மூடியாச்சு. எச்ஆர்ஏ கழிவு போனதால வரி போடற தொகை 10 லட்சம், வரி 1,17,000. ஜனவரி வரைக்கும் பிடிச்சது 70,460, மீதி 46,540 ரெண்டே மாசத்துல வரணும், அதனால பிப்ரவரிலயும் மார்ச்லயும் 23,270 பிடிச்சோம். கைக்கு மாசம் 16,224 கம்மி. பிப்ரவரி கடைசி நாள் சம்பளம் விழுந்ததும் என் சீட்டுக்கு வந்து நின்னார், கோவமே படல, "அக்கா அஞ்சாம் தேதி ஈஎம்ஐ இருக்கு, ஏதாவது பண்ண முடியுமா"ன்னு மட்டும் கேட்டார். எனக்கு அன்னிக்கு முழுக்க வேலையே ஓடல.

நான் அனுப்புன நாலு மெயிலையும் அப்புறம் எடுத்து படிச்சேன். நாலும் ஒரே வாசகம், "20ஆம் தேதிக்குள் ஆதாரங்களை சமர்ப்பிக்கத் தவறினால் விதிகளின்படி வரி பிடித்தம் செய்யப்படும்". இதுல அவருக்குன்னு எந்த தகவலும் இல்ல, ஏற்கனவே கொடுத்துட்டேன்னு நினைக்கற ஆளு இதை ஏன் திறக்கப்போறார்? உங்க ஆபீஸ்ல எப்படி, சொல்லுங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:

அக்கா எனக்கும் இதேதான் ஆச்சு, ஆனா எல்ஐசி. என் ப்ரீமியம் மார்ச் மாசம்தான் ட்யூ, ஜனவரில ரசீதுக்கு நான் எங்க போவேன்? ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, போர்ட்டல்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு அதுல கூட ஒண்ணும் எழுதல, நான் ஹெல்ப்டெஸ்க்ல டிக்கெட் போட்டு பதில் வர்றதுக்குள்ள தேதி முடிஞ்சுபோச்சு.

சுமதி_பேரோல்:

அது கம்பெனிக்கு கம்பெனி மாறும்பா. நாங்க போன வருஷ ரசீதையும் மார்ச்ல கட்டிடுவேன்னு ஒரு கையெழுத்து லெட்டரையும் வாங்கிட்டு ஏத்துக்குவோம், சில இடத்துல ஒத்துக்கவே மாட்டாங்க. டிசம்பர்லயே உங்க பேரோல்ல கேட்டு வெச்சுக்கோங்க. பிஎஃப்க்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம், சம்பளத்துலயே போறதால எங்ககிட்டயே கணக்கு இருக்கு, மேல சொன்ன தம்பிக்கு 80சில 72,000 அப்படித்தான் வந்துது.

தாராளமனசு:

எதுக்கு இவ்ளோ டென்ஷன்னு தெரியல. ப்ரூஃப் கொடுக்கலைன்னா என்ன, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது எல்லாத்தையும் க்ளெயிம் பண்ணா பணம் திரும்ப வந்துடும். நான் மூணு வருஷமா கம்பெனிக்கு ஒரு பேப்பர் கூட கொடுத்ததில்ல, ரீஃபண்ட் வந்துட்டுதான் இருக்கு.

பாலா_ஆடிட்டிங்:

தாராளமனசு சொல்றது பாதி சரி. எச்ஆர்ஏ, 80சி, 80டி, வீட்டுக்கடன் வட்டி இதெல்லாம் ரிட்டர்ன்ல கேட்டு வாங்கிக்கலாம், கம்பெனி தேதி போச்சுன்னா உரிமை போயிடாது. ஆனா ரெண்டு இடத்துல மாட்டிக்குவீங்க. முதல்ல, பழைய ரெஜிம் வேணும்னா ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள போட்டாகணும். 2024-25க்கு ஜூலை 31னு இருந்ததை செப்டம்பர் 16 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதையும் விட்டு லேட்டா போட்டா சம்பளக்காரங்களுக்கு புது ரெஜிம் மட்டும்தான், எச்ஆர்ஏ 80சி ரெண்டும் கிடையாது. என்கிட்ட வந்த ஒருத்தருக்கு இப்படி நடந்துது. கம்பெனில தேதியை விட்டார், சரி ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்னு இருந்தார், அந்த தேதியையும் விட்டுட்டார்.

அடுத்தது எல்டிஏ, போன் பில் மாதிரி ரீஇம்பர்ஸ்மென்ட் எல்லாம். பில் வரலைன்னா கம்பெனி அதை சாதாரண சம்பளமா சேர்த்து ஃபார்ம் 16ல காட்டிடும். பில் காட்டி வாங்கற பணம் சம்பளமா மாறினதுக்கப்புறம் போன் பில்லை நீங்க தனியா ரிட்டர்ன்ல கேக்க முடியாது. எல்டிஏவை கேக்கலாமா கூடாதான்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, நான் கேக்க சொல்ல மாட்டேன்.

சுமதி, உங்க கணக்கை பாத்ததும் ஒண்ணு தோணுச்சு. அந்த தம்பி ஏன் பழைய ரெஜிம்ல இருந்தார்? 12 லட்சத்துல 75,000 போனா 11,25,000, புது ரெஜிம்ல 2024-25 ஸ்லாப் படி செஸ்ஸோட 71,500 தான். எல்லா ப்ரூஃபும் ஒழுங்கா கொடுத்திருந்தாலும் பழையதுல 84,552 வருதே.

சுமதி_பேரோல்:

ஐயோ பாலா சார், உண்மைதான். ஏப்ரல்ல எங்க போர்ட்டல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டற வசதி அப்ப கிடையாது, ஒரு தடவை தேர்ந்தெடுத்தா எங்க கம்பெனில வருஷம் முழுக்க மாத்த விடமாட்டோம். தம்பி ஜூலைல தானே ஃபைல் பண்ணினார், ஓனர்கிட்ட போராடி பான் வாங்கி எச்ஆர்ஏ போட்டு 32,448 ரீஃபண்ட் வாங்கினார். ரிட்டர்ன்ல புதுசுக்கு மாத்தியிருந்தா 45,500 வந்திருக்கும், பான் வாங்கற அலைச்சலும் இருந்திருக்காது. இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது, மனசு கஷ்டமா இருக்கு.

மாடிவீடு:

எங்க ஓனர் பான் தரவே மாட்டேங்கிறார். பான் இல்லாத ஓனர்கிட்ட எழுதி வாங்கினா போதும்னு ஃப்ரெண்ட் சொன்னான், அதையே எழுதி கொடுத்துடவா?

பாலா_ஆடிட்டிங்:

பான் நிஜமாவே எடுக்காத ஓனர்னா பேரு, அட்ரஸ் போட்டு அவர் கையெழுத்தோட எழுதிக் கொடுக்கலாம். வெச்சுக்கிட்டே தர மறுக்கறவருக்கு அது பொருந்தாது, பொய் எழுதினதா ஆகிடும், உங்களுக்கும் சேர்த்து. பேங்க் வழியா வாடகை கட்டின ஸ்டேட்மென்ட்டும் அக்ரிமென்ட்டும் இருந்தா ரிட்டர்ன்ல க்ளெயிம் பண்ணுங்க, கேள்வி வந்தா காட்டலாம். கம்பெனி ஏத்துக்காது, அது அவங்க தப்பும் இல்ல.

செல்வி77:

எங்க அம்மாவுக்கு பேங்க்ல 15எச் கொடுக்கணும்னு மெசேஜ் வந்திருக்கு, இதுவும் ஜனவரி 20க்குள்ளயா? அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க.

சுமதி_பேரோல்:

இல்லம்மா, நாங்க பேசறது ஆபீஸ் சம்பளத்துக்கு. 15எச் எஃப்டி வட்டிக்கு பேங்க்ல கொடுக்கறது, நிதியாண்டு தொடக்கத்துலயே கொடுத்துடணும், இல்லன்னா வட்டி போடும்போது பிடிச்சுடுவாங்க. அம்மாவை பேங்க்லயே கேக்க சொல்லுங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:

ஒரு சந்தேகம் அக்கா, ரெண்டு நாள் லேட்டானா ஏன் திறக்க மாட்டேங்கறீங்க? வரி டிபார்ட்மென்ட் ஒண்ணும் ஜனவரி 20ன்னு சொல்லலையே.

சுமதி_பேரோல்:

சரியான கேள்வி, அந்த தேதி நாங்க வெக்கறதுதான். ஒவ்வொருத்தர் பேப்பரையும் ஆள் பாத்து ஓகே பண்ணணும், முந்நூறு பேருக்கு ரெண்டு பேர் பாக்கறோம், பிப்ரவரி சம்பளம் ஓட்டறதுக்குள்ள முடியணும். மார்ச் வரைக்கும் இழுத்தா முழு பாக்கியும் ஒரே மாசத்துல விழும், தம்பிக்கே 39,494 பிடிச்சிருப்போம். குறைச்சு பிடிச்சு விட்டுட்டா கம்பெனிதான் கட்டணும், மாசத்துக்கு ஒரு சதவீதம் வட்டியோட. அதனால கண்ணை மூடிட்டு ஏத்துக்க முடியாது. மார்ச்ல பிடிச்சதை ஏப்ரல் 30க்குள்ள கட்டி, மே 31க்குள்ள 24க்யூ போட்டு, ஜூன் 15க்குள்ள ஃபார்ம் 16 கொடுக்கணும், எங்களுக்கும் பின்னாடி வரிசையா தேதி நிக்குது.

இந்த வருஷம் மெயிலை மாத்தினேன். எல்லாருக்கும் ஒரே மெயில் இல்ல, பாக்கி இருக்கறவங்களுக்கு மட்டும் தனித்தனியா, இப்படி:

"உங்க எச்ஆர்ஏ டிராஃப்ட்ல நிக்குது, இன்னும் சப்மிட் ஆகல. காரணம்: ஓனர் பான் இல்ல. ஜனவரி 20 சாயங்காலம் 6 மணிக்குள்ள வரலைன்னா பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் இப்ப பிடிக்கறதை விட 16,224 ரூபா கூட பிடிப்போம்."

தொகையை எக்செல்ல போட்டு மெயில் மெர்ஜ் பண்ணினேன், ஒரு நாள் முழுக்க ஆச்சு. மெயில் போன அன்னிக்கு மதியத்துக்குள்ள நிறைய பேர் திறந்து சரி பண்ணிட்டாங்க, இருந்தும் 14 பேர் பாக்கி இருந்தாங்க, அவங்களுக்கு நேர்ல போன் பண்ணினேன்.

புதுசுதான்_எனக்கு:

நான் புது ரெஜிம், எனக்கு இந்த மெயில் எதுவுமே வேண்டாம், ப்ரூஃப் தொல்லையே இல்ல. அக்டோபர்ல கம்பெனி மாறினேன், ரெண்டு இடத்துலயும் இதுவரைக்கும் ஒரு ரூபா வரி பிடிக்கல, நிம்மதி.

பாலா_ஆடிட்டிங்:

தம்பி கொஞ்சம் நில்லுங்க. பழைய கம்பெனி சம்பள விவரத்தை ஃபார்ம் 12பில புது கம்பெனிக்கு கொடுத்தீங்களா? ரெண்டு இடத்துலயும் எவ்வளவு?

புதுசுதான்_எனக்கு:

அப்படி ஒரு ஃபார்ம் கேட்டாங்களான்னே ஞாபகம் இல்ல சார். பழசுல ஆறு மாசத்துக்கு 6 லட்சம், இங்க மார்ச் வரைக்கும் 8 லட்சம் வரும்.

பாலா_ஆடிட்டிங்:

பழைய கம்பெனி உங்களுக்கு வருஷத்துக்கு 12 லட்சம்னு நினைச்சு வரி இல்லன்னு விட்டாங்க. இவங்க 8 லட்சம் மட்டும்தான்னு நினைச்சு விட்டாங்க. சேர்த்தா 14 லட்சம், 75,000 போக 13,25,000, 12 லட்சம் தாண்டிடுச்சு அதனால ரிபேட் கிடையாது. 2025-26 ஸ்லாப்ல செஸ்ஸோட 81,900 வருது. மார்ச்சுக்குள்ள பிடிக்கலைன்னா ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்டணும், வட்டியும் சேரும். இன்னிக்கே பேரோல்ல சொல்லுங்க.

புதுசுதான்_எனக்கு:

இப்பத்தான் பேசிட்டு வந்தேன். ஆரம்பத்துல வந்த மெயில்ல ஃபார்ம் 12பியும் இருந்திருக்கு, நான் புது ரெஜிம்னு படிக்காம விட்டுட்டேன். ஜனவரி சம்பளம் ஓட்டியாச்சாம், பிப்ரவரி மார்ச்ல 40,950 வீதம் பிடிப்பாங்களாம். பழைய கம்பெனியோட கடைசி பே ஸ்லிப்பும் டேக்ஸ் ஷீட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்க சொல்லியிருக்காங்க. பழைய போர்ட்டல் லாகின் இப்ப வேலை செய்யல, அங்க எச்ஆருக்கு மெயில் போட்டுட்டு காத்துட்டிருக்கேன்.

சுமதி_பேரோல்:

பதில் வர லேட்டானா அந்த ஆறு மாச பேங்க் கிரெடிட்டையும் அவங்க கொடுத்த ஆஃபர் லெட்டரையும் வெச்சு 12பியை நீங்களே நிரப்பி கையெழுத்து போட்டு கொடுங்கப்பா, அது நீங்க கொடுக்கற விவரம்தான். பே ஸ்லிப் வந்ததும் சேர்த்துடுங்க. வெள்ளிக்கிழமையை விட்டுடாதீங்க.