மழைக்காலத்தில் ஆட்டுக்கு நிமோனியா, கொட்டகைத் தரைக்கு யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் 14 வெள்ளாடு வைத்திருக்கிறேன். மழை விட்டபாடில்லை. எட்டு மாதக் கிடா ஒன்று திங்கட்கிழமை தழையை முகர்ந்துவிட்டு ஒதுங்கி நின்றது. வெறும் மூக்கொழுகல்தானே என்று விட்டதுதான் என் தப்பு. புதன் காலை படுத்திருந்தபோது விலா ஏறி இறங்குவதை எண்ணினேன், நிமிடத்துக்கு 52. நல்ல ஆட்டுக்கு 30 தாண்டாது. கழுத்தை நீட்டி, மூக்கு விரிய இளைத்தது. மஞ்சள் சளி, காய்ச்சல் 105 டிகிரி.

டாக்டர் வந்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டார், ஐந்து நாள் விடாமல் போட வேண்டுமாம். மூன்றாம் நாளே தழை கடித்ததும் "போதும்டா" என்கிறார் அப்பா. நடுவில் விட்டால் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதால் நான் நிறுத்தவில்லை.

சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தேன். விடிகாலை உள்ளே குனிந்தால் மூத்திர நெடியில் கண் எரிந்தது. இப்போது கூரையை ஒட்டி ஒன்றரை அடி திறந்துவிட்டேன், கீழே மட்டும் மறைப்பு. நெடி குறைந்தது, ஆனால் மண்தரை ஈரம் போகவில்லை. வைக்கோல் இரண்டே நாளில் நசநசக்கிறது. பரண் போட இப்போது வசதியில்லை. தரைக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள்?

இன்னும் இரண்டு ஆடு இருமுகிறது. காய்ச்சல் இல்லை, மூச்சு 26. காலை மாலை பார்த்துவருகிறேன். இப்போதே டாக்டரைக் கூப்பிடுவீர்களா, காய்ச்சல் ஏறும்வரை பொறுப்பீர்களா?