புதுப்பிப்பு: பாஸ்வேர்டு மாத்துனதும் வைஃபைல சேராத டிவி

முன்னாடி கேட்டது: "வைஃபை பாஸ்வேர்டு மாத்துனதுல இருந்து டிவி மட்டும் சேரமாட்டேங்குது, புது பாஸ்வேர்டும் கேக்கல, என்ன பண்ண?"

இப்ப ஓடுதுங்க. டிவி சேவ் ஆன பழைய பாஸ்வேர்டையே அனுப்பிட்டு இருந்திருக்கு. ஃபேக்டரி ரீசெட் போடச் சொன்னவருக்கு, அவ்ளோ தூரம் போகவேணாம், டிவி வைஃபை செட்டிங்ஸ்ல நம்ம வைஃபை பேருக்கு Forget குடுத்தாலே பழசு அழிஞ்சிடும். ஆனா ரவுட்டர்ல வைஃபை பேர மறைச்சு வச்சிருக்கறதால, அதுக்கப்புறம் லிஸ்ட்லயே வரல. இங்க பதில் போட்ட வேளச்சேரி அண்ணன் சொன்னபடி Add new network போய், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாம பேர அடிச்சு, செக்யூரிட்டில None-அ எடுத்துட்டு WPA2 வச்சதும்தான் பாஸ்வேர்டே கேட்டுச்சு. கரண்ட் போய் வந்தா மட்டும் டிவி சேர லேட்டாகுது, பேர மறைச்சதாலயான்னு பாக்கணும்.