கலைச்சொல் உதவி: ஆளுக்கு ஆள் நெருக்குதலும் 'தேர்ட் மேன்' ஓட்டமும்

கதிரவன் எழுதியது:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பயிற்சியாளர்களுக்கான கால்பந்துக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உதைப்பது, தடுப்பது, தலையால் முட்டுவது எல்லாம் சிக்கலில்லாமல் போனது. ஒரு அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். எதிரணி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நெருக்கும்போது பின்னாலிருந்து பந்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்பது அதன் பொருள்.

மூன்று சொற்கள் வேண்டும். 'மேன் ஓரியன்டட் பிரஸ்' ஒன்று, 'தேர்ட் மேன் ரன்' இன்னொன்று. மூன்றாவது, கோல்கீப்பரையும் பாஸ் கொடுக்கும் ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது; இதற்கு மூலத்திலேயே ஒரே சொல்லாக இல்லை. இப்போதைக்கு 'மனிதச் சார்பு அழுத்தம்', 'மூன்றாம் மனித ஓட்டம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். வாசித்தால் சமூகவியல் பாடம் மாதிரி இருக்கிறது.

ராமநாதன் எழுதியது:

தேர்ட் மேன் என்பவர் ஸ்லிப்புக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே நிற்பவர். வானொலி வர்ணனைக் காலத்திலிருந்தே அப்படியே தமிழில் புழங்குகிறது, மாற்ற வேண்டிய தேவை என்ன? அவர் ஓடினால் பவுண்டரியைத் தடுக்கத்தான் ஓடுவார். அதற்குத் தனிச் சொல் எதற்கு என்று புரியவில்லை.

நிர்மலா எழுதியது:

ராமநாதன் ஐயா, அது வேறு ஆட்டம் :)

கதிரவன், சொல்லுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். முழுக்க ஆளுக்கு ஆள் பிடிக்கும் எதிரணியிடம் அதற்கு 10 பேர்தான் உண்டு. அவர்களுடைய கீப்பர் அந்தக் கோடியில் நிற்கிறார், அவரால் யாரையும் பிடிக்க முடியாது. நம்மிடம் கீப்பரோடு 11 பேர். பந்து நம் பெட்டியருகே இருக்கும்வரை அந்த மிச்சமான ஒருவர் நம் கீப்பர். அவரை நெருக்க யாராவது வந்தால், வந்தவர் பிடித்துக்கொண்டிருந்த ஆள் விடுபடுகிறார். அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன்.

'மேன் ஓரியன்டட்' என்பதும் பழைய மேன் மார்க்கிங்கும் ஒன்றல்ல. பழையதில் ஒருவரையே ஆட்டம் முழுக்கத் துரத்த வேண்டும். இதில் உன் பகுதிக்குள் யார் வருகிறாரோ அவரைப் பிடி, அவர் நகர்ந்தால் ஓரளவு தொடர்ந்து போ, அப்புறம் மாற்றிக்கொள். எவ்வளவு தூரம் தொடர்வது என்பதில் அணிக்கு அணி வேறுபாடு. பியெல்சா பயிற்றுவித்த காலத்து லீட்ஸும் காஸ்பெரினி காலத்து அட்டலாண்டாவும் வெகுதூரம் போனவை. சென்டர் பேக்கே எதிரணி ஸ்ட்ரைக்கர் பின்னால் நடுக்கோடு தாண்டி வந்துவிடுவார்.

சொல் என்று கேட்டால், நான் திடலில் கத்துவது 'ஆளைப் பிடி' என்றுதான். 'ஆள்பிடி நெருக்கல்' என்று வையுங்கள்.

அருளப்பன் எழுதியது:

'மனிதச் சார்பு' கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. 'ஆள்பிடி' என்றாலோ பிள்ளைபிடிக்காரன் நினைவு வருகிறதே, நிர்மலா அவர்களே.

இரண்டாவது சொல்லுக்கு என் பரிந்துரை 'முக்கோணப் பரிமாற்றம்'. மூவர் முக்கோணமாக நின்று பந்தைக் கைமாற்றுவதுதானே இது? நான் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஓடி, அவரிடமிருந்து திரும்ப வாங்குவதும் இதில் அடங்கும். பழைய ஆட்டக்காரர்கள் சுவர்ப் பாஸ் என்பார்கள். ஓட்டம் இரண்டாம்பட்சம், வடிவமே முதன்மை.

நிர்மலா எழுதியது:

> ஓட்டம் இரண்டாம்பட்சம், வடிவமே முதன்மை

ஐயா, முக்கோணம் உண்மைதான், மேலேயிருந்து படம் எடுத்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் சுவர்ப் பாஸை இதில் சேர்த்தால் பயிற்சியாளர் குழம்பிவிடுவார். சுவர்ப் பாஸில் கொடுத்தவரே திரும்ப வாங்குகிறார். அவரைப் பிடிப்பவருக்கு அவர்மேலேயே கண் இருக்கிறது, கூடவே ஓடிவிடுவார். மூன்றாம் ஆள் விஷயத்தில் முதல் பாஸ் போகும்போது மூன்றாமவருக்கும் பந்துக்கும் தொடர்பே இல்லாதது போலிருக்கும். அவரைப் பிடிப்பவர் பந்து போன பக்கம் ஒரு நொடி தலையைத் திருப்புவார். அந்த நொடியில்தான் ஓட்டம் தொடங்க வேண்டும். எல்லாரும் நின்றுகொண்டே முக்கோணம் போட்டால் மூன்று பேரையும் பிடித்துவிடலாம்.

கோல் கிக்கை வைத்தே காட்டுகிறேன். 2019-இல் விதி மாறிய பிறகு கோல் கிக் பந்தைப் பெட்டிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம், அதனால்தான் இந்த விளையாட்டு இவ்வளவு பரவியது. எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இப்படி.

இடது சென்டர் பேக் கோல் கிக்கைக் கீப்பருக்குச் சின்னதாகத் தட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறார். வலது சென்டர் பேக் பெட்டியின் வலது ஓரத்தில். இருவர்மேலும் ஒவ்வொரு எதிரணி ஃபார்வர்டு. நடுவில் பெட்டிக்கு வெளியே நம் 6-ஆம் எண், முதுகில் ஒட்டியபடி ஒருத்தி. கீப்பர் பந்தை மிதித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இதுதான் கற்றுக்கொடுக்கக் கஷ்டமான பகுதி. காலில் பந்து இருந்தால் உடனே எதையாவது செய்யத் தோன்றும். யாரும் வராவிட்டால் பந்தோடு நடந்து பெட்டியைத் தாண்டலாம். அப்போது யாராவது வந்தே ஆக வேண்டும்.

வலது சென்டர் பேக்கைப் பிடித்தவள் வருகிறாள் என்று வையுங்கள். விவரமான ஆள் நேராக வரமாட்டாள், வில்லாக வளைந்து வருவாள். கீப்பருக்கும் வலது சென்டர் பேக்குக்கும் இடையிலான கோட்டிலேயே தன் உடம்பை வைத்துக்கொள்வாள். விடுபட்ட ஆள் இருக்கிறார், ஆனால் நேரே பாஸ் போகாது, அவள் நிழலில் மாட்டும்.

அதனால் சுற்றிப் போகிறோம். 6-ஆம் எண் கீப்பரை நோக்கி இரண்டு மூன்று எட்டு வருகிறார், கீப்பர் அவருடைய வலது காலுக்குப் பலமாக ஒரு பாஸ். பந்து போய்க்கொண்டிருக்கும்போதே வலது சென்டர் பேக் நிழலைவிட்டு வெளிப்பக்கமாக, கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட வேண்டும். 6 திரும்பவே கூடாது, ஒரே தட்டில் அவருக்குத் தள்ளிவிடுகிறார். வாங்கியவரின் முகம் எதிர்க் கோலைப் பார்த்து இருக்கிறது, நெருக்க வந்தவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். இனி அவரைத் தடுக்க இன்னொருத்தி தன் ஆளை விட்டுவர வேண்டும், அப்போது அந்த ஆள் விடுபடுவார்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பாஸ் மெதுவாகப் போனால் 6-ஐப் பிடித்தவள் முன்னால் பாய்ந்து வெட்டிவிடுவாள். சென்டர் பேக் சீக்கிரம் நகர்ந்தால் நெருக்க வந்தவள் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிடுவாள். எது நடந்தது என்று தெரிய வீடியோவில் பந்தைப் பார்க்காதீர்கள், நெருக்க வந்தவளின் தலையைப் பாருங்கள். கீப்பர் உதைத்த பிறகு அவள் திரும்பிப் பார்த்தால் ஓட்டம் சரியான நேரம், உதைக்கும் முன்பே பார்த்துவிட்டால் அவசரப்பட்டாகிவிட்டது.

யோகன் எழுதியது:

வணக்கம். நான் மன்னார்ப் பக்கம் ஒரு கழகத்துக்குக் கோல் காப்பாளராக நிற்கிறேன். நிர்மலா அக்கா சொன்னது வாசிக்க நல்லாயிருக்கு. போன பருவத்தில் எங்கட பயிற்றுநரும் இதைத்தான் செய்யச் சொன்னார். கோலுக்கு முன்னால் புல்லே இல்லாத மைதானம். நான் நடுவில் நின்றவனுக்குப் பலமாகத்தான் கொடுத்தேன், பந்து துள்ளி அவன் முழங்காலில் பட்டது, அடுத்தது கோல். பழி எனக்கு. உதைபந்தாட்டத்தில் காப்பாளர் காப்பாற்றினால் போதாதா? இதெல்லாம் எடர்சன் மாதிரி ஆக்களுக்குச் சரிவரும்.

நிர்மலா எழுதியது:

யோகன், நீங்கள் சொல்வது நியாயம். அந்தத் திடலில் நானாக இருந்தால் அந்தப் பாஸைக் கேட்டிருக்க மாட்டேன். ஒரே தட்டுப் பாஸுக்குப் பந்து உருண்டு வர வேண்டும், துள்ளினால் அதோடு சரி.

ஆனால் அங்கேயும் கீப்பர்தான் வழி. எதிரணி எல்லாரும் ஆளைப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் ஏறி நிற்கிறார்கள் என்றால், அவர்கள் கோலருகே நம் ஸ்ட்ரைக்கர்மேல் ஒருவர்தான், பின்னால் காவலே இல்லை. கோல் கிக்கிலிருந்து நேரே வாங்கினால் ஆஃப்சைடும் கிடையாது. நீளமாக அடியுங்கள். ஸ்ட்ரைக்கர் பந்தை நிறுத்த முயல வேண்டாம், தலையாலோ நெஞ்சாலோ பக்கத்தில் இறக்கட்டும். நடுக்களத்திலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு ஓடி வரட்டும். இதுவும் மூன்றாம் ஆள் ஓட்டம்தான்: நீங்கள் முதல் ஆள், ஸ்ட்ரைக்கர் இரண்டாவது.

2020 டிசம்பர் 20 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் லீட்ஸ் 6-2 என்று தோற்றதைத் தேடிப் பாருங்கள். முதல் மூன்று நிமிடத்துக்குள் யுனைடெட்டின் மெக்டோமினே 2 கோல். அவர் ஸ்ட்ரைக்கரே இல்லை, நடுக்கள ஆள். இரண்டாவது கோலில் மார்சியால் பந்தைத் தள்ள, பின்னாலிருந்து ஓடி வந்து வாங்கிப் போய் அடித்தார். ஆளைத் துரத்தும் அணியில் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தால், அவரைப் பிடித்தவர் ஓர் எட்டு பிந்தினாலும் வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருப்பதில்லை.

இது தெரிந்தாலே தப்பித்துவிடலாம் என்றும் கையேட்டில் எழுதிவிடாதீர்கள். 2024 மே 22, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி. லெவர்குசன் அதுவரை 51 ஆட்டம் தோற்காமல் வந்த அணி, பின்னாலிருந்து ஆடுவதில் கெட்டிக்காரர்கள். அட்டலாண்டா அவர்களை 3-0 என்று வென்றது. ஆளைப் பிடிப்பவர்கள் ஒவ்வொரு தனிச் சண்டையிலும் முந்திக்கொண்டால் கணக்கில் ஒருவர் கூடுதலாக இருந்து பயனில்லை.

அருளப்பன் எழுதியது:

சுவர்ப் பாஸை விலக்குகிறேன், விளக்கம் தெளிவு. ஓட்டம் என்ற சொல் இருக்கட்டும். ஆனால் 'மூன்றாம் ஆள்' எனக்குப் பொருந்தவில்லை. நம் பேச்சில் மூன்றாம் ஆள் என்றால் சம்பந்தமில்லாத வெளியாள். 'மூன்றாமவர் ஓட்டம்' என்றால் மதிப்பாக இருக்கும்.

கதிரவன் எழுதியது:

ஐயா, அந்த 'சம்பந்தமில்லாத வெளியாள்' என்ற பொருள்தான் இங்கே வேண்டியது போலிருக்கிறது. பந்து போகும்போது அவருக்கும் அதற்கும் தொடர்பில்லாதது போலத்தானே இருக்க வேண்டும்? தவிர, 'ஆள்' ஆண் பெண் இருவருக்கும் பொது. மூன்றாம் ஆள் ஓட்டம் என்றே போடுகிறேன். அடிக்குறிப்பில் உங்கள் சொல்லையும் தருகிறேன்.

கீப்பருக்கு 'மிச்ச ஆள்' எப்படி? நிர்மலாவின் கணக்கிலிருந்து எடுத்தேன். ஒரு வாக்கியம்: 'ஆள்பிடி நெருக்கலில் கோல்கீப்பரே மிச்ச ஆள், அவரை நெருக்க ஒருவர் வரும்வரை பந்தை வைத்திருக்க வேண்டும்.'

யோகன் எழுதியது:

மிச்ச ஆள் வேண்டாம் அண்ணை. எங்கட பக்கம் அப்படிச் சொன்னால் அணியில் இடம் கிடைக்காமல் வாங்கில் இருக்கிறவன் என்றுதான் விளங்கும். அதோட 'பந்தை வைத்திருக்க வேண்டும்' என்றால் கையில் என்று நினைப்பார்கள். சக வீரர் காலால் வேணுமென்று தந்த பந்தைக் கையால் எடுத்தால் ஃப்ரீ கிக். காலடியில் என்று சேருங்கோ.

நிர்மலா எழுதியது:

காலடியில் என்பதைக் கட்டாயம் சேருங்கள். சொல்லுக்கு 'கூடுதல் ஆள்' பரவாயில்லை, ஆனால் எதிரணி ஒருவரை இழந்து நாம் 11 அவர்கள் 10 என்று ஆடும்போதும் அதையேதான் சொல்வோம். யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள். கோல் கிக் நிலைக்கு நான் கையால் வரைந்த படம் இருக்கிறது, கதிரவனுக்குத் தனியாக அனுப்புகிறேன். அதில் நெருக்க வருபவரின் வளைவைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறேன், அச்சில் நேர்கோடாக்கிவிட வேண்டாம்.